கையெழுத்திலிருந்து 24 மணி நேரம்

"24 மணி நேரத்தில் கல்யாணப் பத்திரிகை" என்று எழுதாத அச்சகம் இன்றைக்கு எங்கள் பக்கத்தில் அநேகமாக இல்லை. கடைப் பலகையில், பில் புத்தகத்தின் அடியில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் கார்டு படத்துக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் அந்த வரி இருக்கும். ஒரு கடை 24 என்று போட்டால் எதிர்க்கடை 12 என்று போடும். நான் மதுரைப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில், கம்ப்யூட்டரில் மேட்டரை அடித்துப் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்க்கிறேன். போன வருடம் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் எங்கள் முதலாளி அப்படி ஒரு வரியை என்னை எழுதச் சொன்னார். புது கார்டு மாடல்களைப் படம் எடுத்தாயிற்று, கீழே போட நாலு வரி வேண்டும், அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த மணிக்கணக்கு என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. 24 மணி நேரம் சரி, எப்போதிலிருந்து 24 மணி நேரம்?

வாடிக்கையாளர் அதை எப்படிப் படிப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. இன்று சாயங்காலம் அட்வான்ஸ் கொடுத்தால் நாளைச் சாயங்காலம் கட்டு கைக்கு வரும் என்றுதான் படிப்பார். அச்சகக்காரர் மனதில் இருப்பது வேறு. அடிப்பதற்கு முன்னால் சரிபார்க்கக் கொடுக்கும் மாதிரி, அதாவது புரூஃப், ஓகே ஆன பிறகு என்று அவர் நினைத்துக்கொள்கிறார், ஆனால் அதை எழுதுவதில்லை. எழுதினால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும் என்ற பயம். முகூர்த்த நாள் நெருங்க நெருங்க கவுன்டரில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி, எழுதாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையால் வருவதுதான்.

நேரம் எங்கே போகிறது

ஐந்நூறு ரெடிமேட் கார்டு, இரண்டு கலர் ஸ்கிரீன் பிரிண்டிங் என்று வைத்துக்கொள்வோம். எங்களைப் போன்ற கடைக்கு அதிகம் வருவது இதுதான். கார்டும் கவரும் ஏற்கெனவே அலங்காரத்தோடு தயாராக வந்துவிடும். நாங்கள் அடிப்பது உள்ளே இருக்கும் மேட்டர் மட்டும். மேட்டரை டைப் செய்து கார்டு அளவுக்குப் பொருத்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அதைப் பாசிட்டிவாக எடுத்து, ரசாயனம் பூசிய ஸ்கிரீனில் வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், எழுத்து மறைத்த இடம் தண்ணீரில் கழுவும்போது திறந்துகொள்ளும். அந்தத் திறப்பு வழியாகத்தான் இங்க் கார்டில் இறங்குகிறது. ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். முதல் கலர் அடித்து ரேக்கில் பரப்பி, காய்ந்த பிறகு இரண்டாவது கலர். அதுவும் காய வேண்டும். கோல்டு இங்க் என்றால் கூடுதலாக விட வேண்டும், மழைக்காலம் என்றால் அதைவிடக் கூடுதலாக. காய்வதற்குள் அடுக்கினால் ஒரு கார்டின் எழுத்து இன்னொரு கார்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் கூட்டினால் காலையில் ஸ்கிரீன் போட்டால் சாயங்காலத்துக்குள் அடித்து முடித்து, இரவு காயவிட்டு, மறுநாள் காலை எண்ணிக் கட்டிக் கொடுத்துவிடலாம். ஆக 24 மணி நேரம் என்பது பொய்யான கணக்கு இல்லை. மெஷினும் கைகளும் எடுக்கும் நேரம் உண்மையிலேயே அவ்வளவுதான். மல்டிகலர் ஆப்செட் கதை வேறு. எங்களிடம் அந்த மெஷின் கிடையாது, ஃபைல் சிவகாசிக்குப் போகும். அங்கே நாலு கலருக்கு நாலு பிளேட் போட வேண்டும். இன்னும் பலருடைய வேலைகளோடு சேர்த்து ஒரே தாளில் ஏற்றித்தான் அடிப்பார்கள். அந்தத் தாள் நிறையும் வரை காத்திருப்பதும், வெட்டி மடித்து பார்சலில் வருவதும் எங்கள் கையில் இல்லை. முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும் மாதத்தில் அது இன்னும் இழுக்கும். அந்த கார்டின் படத்துக்குக் கீழேயும் அதே 24 மணி நேரத்தைப் போடுவது சரியே இல்லை.

ஸ்கிரீனைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கிரீன் போடும் வரை ஒரு எழுத்தைத் திருத்துவது அரை நிமிட வேலை. ஸ்கிரீன் போட்ட பிறகு அதை அழித்து, மறுபடி பூசி, மறுபடி வெளிச்சம் காட்ட வேண்டும். அடித்த பிறகு என்றால் கார்டே போயிற்று. ரெடிமேட் கார்டில் பெரிய செலவு அடிக்கும் கூலி இல்லை, கார்டின் விலைதான். அதே மாடல் மறுபடி கிடைக்குமா என்பதும் நிச்சயம் இல்லை, சீசனில் ஒரு மாடல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் திருத்துவதற்கான கடைசி இடம் புரூஃப். அதைத் தாண்டினால் ஒவ்வொரு படியிலும் பணமும் நாளும் போகும்.

ஆடிப்பெருக்கு அன்று வந்த ஒரு ஆர்டர்

என் மனதில் இந்த விஷயம் தெளிவானது ஒரு குறிப்பிட்ட ஆர்டரில்தான். 2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. ஆடியில் கல்யாண வேலை தொடங்கத் தயங்குகிறவர்கள்கூட பதினெட்டாம் பெருக்கு அன்று முதல் காரியத்தைத் தொடங்கிவிடுவார்கள். மாப்பிள்ளையின் தம்பியும் அவன் அம்மாவும் வந்தார்கள். கல்யாணம் ஆவணி 12, அதாவது 28-08-2025 வியாழக்கிழமை. முதல் பத்திரிகையை வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்கு வைக்க வேண்டும், அதற்குள் வேண்டும் என்றார்கள். ஐந்து நாள் இருக்கிறது, தாராளம். கார்டு தேர்ந்தெடுத்து, நோட்டுத் தாளில் எழுதிய மேட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேட்டர் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது தேதிகளைத்தான். கல்யாணப் பத்திரிகையில் ஒரே நாள் மூன்று விதமாக எழுதப்படுகிறது: தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்தில் தினசரி காலண்டரை வைத்துக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தால் எந்தத் தவறும் தப்பாது. முகூர்த்த வரி சரியாக இருந்தது. வரவேற்பு வரியில் "27-08-2025 வியாழக்கிழமை மாலை 6 மணி" என்று இருந்தது. 27 புதன்கிழமை, அன்றைக்குத்தான் விநாயகர் சதுர்த்தி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டில் எது தவறு என்பது எனக்குத் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு வைக்கிற வீடும் உண்டு, கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலம் வைக்கிற வீடும் உண்டு. நானாகவே "புதன்கிழமை" என்று மாற்றியிருந்தால், வரவேற்பு உண்மையில் வியாழக்கிழமையாக இருந்தால், தவறு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கும். மாற்றாமல் விட்டிருந்தால் யாராவது "27 புதன் அல்லவா" என்று கேட்டிருப்பார்கள். திருத்திய பிறகு யாருக்கும் கேட்கத் தோன்றாது. அதனால் டிடிபியில் இருப்பவர் பொருந்தாத தேதியைத் தானாகச் சரிசெய்யவே கூடாது, போன் செய்து கேட்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கேட்டேன். "ரிசப்ஷன் முதல் நாள்தாண்ணே, அம்மா கிழமையை மாத்தி எழுதிட்டாங்க" என்றான் தம்பி. சரி, புதன்கிழமை.

திங்கட்கிழமை மத்தியானம் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு பதில் வந்தது. "சூப்பர்ணே", கூடவே ஒரு கட்டைவிரல் படம். வழக்கமான கணக்குப்படி இதுதான் ஓகே. செவ்வாய் காலை ஸ்கிரீன் போட்டிருக்கலாம், புதன்கிழமையே கட்டைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பையனின் பதிலில் பத்திரிகையை வாசித்த அடையாளமே இல்லை, டிசைன் பிடித்திருக்கிறது என்று மட்டும்தான் இருந்தது. "அப்பா பார்த்தாரா?" என்று கேட்டேன். "அப்பா ஊர்ல இல்லண்ணே, புதன்கிழமை வந்துருவாரு." அப்படியானால் அப்பா வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஓகே வந்த ஆர்டரை ஏன் நிறுத்தி வைக்கிறாய் என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அன்றைக்கு ஸ்கிரீன் டேபிள் காலியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை ராத்திரி அப்பா வந்தார். கார்டின் அளவிலேயே தாளில் எடுத்த புரூஃபை அவர் கையில் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிள்ளையார் சுழியிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மாப்பிள்ளையின் தாத்தா பாட்டி பெயர் வரும் வரியில் விரல் நின்றது. வீட்டில் எழுதிக் கொடுத்தபடி, "அமரர்" என்று ஆரம்பித்து, தாத்தா பெயர், ஒரு கோடு, பாட்டி பெயர், "தம்பதியரின் பேரன்" என்று அடித்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எங்க அம்மா இருக்காங்கல்ல?"

முன்னால் போட்ட "அமரர்" இரண்டு பெயருக்கும் சேர்த்துப் படிக்கப்படுகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பேரன் கல்யாணப் பத்திரிகை காலமானவராக்கி வைத்திருந்தது. எந்தப் பஞ்சாங்கமும் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. எழுத்துப்பிழையும் இல்லை. நான் நூறு தடவை படித்தாலும் எனக்குத் தெரியாது, அந்த அம்மா உயிரோடு இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? தாத்தா பெயரை "அமரர்" என்று ஒரு வரியிலும், பாட்டி பெயரை "திருமதி" என்று அடுத்த வரியிலும் தனித்தனியாகப் பிரித்து, "தம்பதியரின்" என்பதை எடுத்துவிட்டு, "ஆகியோரின் பேரன்" என்று போட்டோம். அவர் மறுபடி படித்தார். தாளின் அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். இரவு எட்டரை மணி. வியாழன் காலை ஸ்கிரீன், சாயங்காலத்துக்குள் இரண்டு கலரும் முடிந்தது. வெள்ளி காலை ஏழரைக்கு எண்ணிக் கட்டி வைத்தேன், அவர்கள் வந்து வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனார்கள்.

அன்றைக்குப் பில் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. ஆர்டர் தேதியிலிருந்து கணக்கிட்டால் ஐந்து நாள். கையெழுத்திலிருந்து கணக்கிட்டால் இரவையும் சேர்த்து ஒன்றரை நாள், கடை திறந்திருந்த நேரத்தை மட்டும் எடுத்தால் ஒரு முழு வேலை நாள். நடுவில் போன நாட்களை எந்த மெஷினும் எடுத்துக்கொள்ளவில்லை. அவை ஒரு வீடு தன் பெயர்களைத் தானே படித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட நாட்கள். அந்த நாட்களை அச்சகம் சுருக்க முடியாது, சுருக்குவதாக வாக்குக் கொடுக்கவும் கூடாது.

யாருடைய ஓகே

அதற்கப்புறம் புரூஃபில் வரும் தவறுகளை நான் இரண்டாகப் பார்க்கிறேன். கிழமை, தமிழ்த் தேதி, மண்டபத்தின் பெயர், தமிழ்ப் பக்கத்துக்கும் ஆங்கிலப் பக்கத்துக்கும் இடையில் இனிஷியல் மாறுவது, இவையெல்லாம் நாங்கள் பிடிக்க வேண்டியவை. பழைய ஃபைலைத் திறந்து அதன்மேல் புது மேட்டரை அடிக்கும் பழக்கம் எல்லாக் கடையிலும் உண்டு, அதனால் போன கல்யாணத்தின் ஊர்ப் பெயர் ஒன்று ஒரு மூலையில் தங்கிவிடும். இன்னொன்று எழுத்துரு. வாடிக்கையாளர் போனில் அடித்து அனுப்பும் மேட்டர் யூனிகோடில் இருக்கும், நாங்கள் வைத்திருக்கும் அழகான பத்திரிகை எழுத்துருக்களில் பல பழைய முறையைச் சேர்ந்தவை. மாற்றும்போது சில எழுத்துகள் உடையும். "ஸ்ரீ" அதில் முதல் ஆள். குலதெய்வத்தின் பெயருக்கு முன்னாலேயே அது வருவதால் முதல் வரியிலேயே தவறு உட்கார்ந்துவிடும். இவற்றைப் பிடிக்க ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்ப்பதுதான் நல்ல வழி. இதில் எங்கள் கை தவறினால், அதாவது கையெழுத்திட்ட புரூஃபில் இருப்பது ஒன்று, அடித்து வந்தது வேறொன்று என்றால், மறுபடி அடித்துக் கொடுப்பது எங்கள் செலவு.

மற்ற வகை வீட்டுக்காரர் மட்டுமே பிடிக்கக்கூடியது. யார் இருக்கிறார், யார் இல்லை, பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்கு முன்னால் வந்திருக்கிறதா, தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்றா. இதைப் பார்க்க வேண்டியவர் அந்தக் குடும்பத்தின் பெயர்களை வரிசையோடு அறிந்த ஒருவர். பெரும்பாலும் அது போனில் பதில் அனுப்பும் இளைஞன் இல்லை. போன் திரையில் முழு கார்டும் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, நிறமும் பூவும் தெரியும், வரிகளை யாரும் படிப்பதில்லை. தாளில் கார்டு அளவிலேயே பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது. வெளியூரில் இருப்பவர்களுக்குப் போனில்தான் அனுப்பியாக வேண்டும், அது புரிகிறது. அப்போது மேட்டரை மட்டும் நாலைந்து துண்டாகப் பெரிதாக எடுத்து அனுப்பி, பெயர்கள் இருக்கும் பகுதியைப் படித்துக் காட்டச் சொல்கிறேன்.

இரண்டு பேர் ஓகே சொல்வதிலும் சிக்கல் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒரு திருத்தம், பெண் வீட்டார் அதை மாற்றி ஒரு திருத்தம் என்று வந்தால் எது கடைசி என்றே தெரியாது. ஆர்டர் எடுக்கும்போதே "கடைசிக் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டு அந்தப் பெயரைப் பில்லில் எழுதிவிடுவது நல்லது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்நூறு கார்டு அடித்த பிறகு கேட்பதைவிட நல்லது.

பிளெக்ஸை ஏன் தனியாக எழுத வேண்டும்

பிளெக்ஸ் பேனருக்கு உண்மையிலேயே அன்றைக்கே என்று எழுதலாம். பத்துக்கு எட்டு அடி பேனர் ஓடி முடிய அதிக நேரம் ஆகாது. இங்க் காயாமல் சுருட்டக் கூடாது, ஓரம் மடித்து, கயிறு கட்டும் வளையமான ஐலெட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேனரின் தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது, புகைப்படத்தில். மணமக்கள் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, நீளவாக்கில் ஏறக்குறைய 1600 புள்ளிகளோடுதான் வரும். அதைப் பேனரில் ஐந்தடி உயரத்துக்கு இழுத்தால் ஒரு அங்குலத்துக்கு 27 புள்ளிகூடத் தேறாது. புரூஃபைப் போனில் பார்க்கும்போது படம் அருமையாகத் தெரியும். மண்டப வாசலில் பக்கத்தில் நின்று பார்த்தால் முகம் கலங்கி நிற்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று முதலிலேயே ஒரு வரி சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. நிறமும் அப்படித்தான். திரையில் பளிச்சென்று எரியும் நீலமும் பச்சையும் பிளெக்ஸில் மங்கித்தான் வரும். அதைப் புரூஃபோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் அனுமதி. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையின் நடுவே கட்டியிருந்த ஒரு பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்துபோனார். அது ஒரு கல்யாணப் பேனர். அதை அடித்த அச்சகத்துக்கு மாநகராட்சி சீல் வைத்தது. பொது இடத்தில் வைக்கும் பேனருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அனுமதி எண்ணும் அச்சகத்தின் பெயரும் பேனரிலேயே இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. அனுமதி எண் டிசைனுக்குள் வர வேண்டும் என்பதால் அது கைக்கு வராமல் புரூஃபே முழுமையாகாது. ராத்திரி பத்து மணிக்கு வந்து, விடிவதற்குள் ரோட்டில் கட்ட வேண்டும் என்று கேட்பவரிடம் அந்த எண்ணைக் கேட்பது அச்சகத்தின் வேலைதான். "உடனடி பிளெக்ஸ்" என்று மட்டும் எழுதி வைத்தால் அதைக் கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. மண்டபத்துக்கு உள்ளே கட்டுவதற்கு என்றால் இந்தப் பேச்சே இல்லை.

கடைசியில் எழுதிய வரிகள்

முதலாளியோடு நிறைய வாக்குவாதத்துக்குப் பிறகு படத்துக்குக் கீழே போட்டது இதுதான்:

"ரெடிமேட் கார்டு, ஒன்று அல்லது இரண்டு கலர்: மேட்டர் கொடுத்த மறுநாள் தாளில் புரூஃப். வீட்டுப் பெரியவர் படித்துக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 24 மணி நேரத்தில் கார்டு. மாலை 6 மணிக்கு மேல் வரும் கையெழுத்துக்கு மறுநாள் காலை கடை திறப்பதிலிருந்து கணக்கு. இரண்டு முறை திருத்தம் இலவசம். மல்டிகலர் கார்டுக்கு நாள் கணக்கு ஆர்டரின்போது சொல்லப்படும். பிளெக்ஸ்: புரூஃப் ஓகே ஆன அன்றே. படத்தை டாக்குமென்டாக அனுப்பவும். பொது இடத்தில் வைப்பதற்கு அனுமதி எண் அவசியம்."

நீளம் என்றார் முதலாளி. எதிர்க்கடை வரியில் நாலே வார்த்தைதான் இருக்கிறது என்றார். அவர் ஒரு இடத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: "24 மணி நேரம்" என்பது பெரிய எழுத்தில் வர வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன், "கையெழுத்துப் போட்டதிலிருந்து" என்பதும் அதே அளவு எழுத்தில் வரும் என்ற நிபந்தனையோடு. ஆர்டர் குறைந்ததா என்றால், கவுன்டரில் ஒரு சிலர் படித்துவிட்டு "அப்ப இன்னைக்குக் கொடுத்தா நாளைக்குக் கிடைக்காதா?" என்று கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் இப்போது ஆர்டர் கொடுக்க வருகிறவர்களில் பலர் முதலிலேயே அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு வருகிறார்கள். மேட்டரைக் கவுன்டரிலேயே உட்கார்ந்து எழுதுகிறார்கள், பெயர் வரிசைச் சண்டையும் அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது. அப்படி வருகிற ஆர்டர்களில் புரூஃப் கொடுத்த அன்றே கையெழுத்து வந்துவிடுகிறது.

மல்டிகலருக்கு ஒரு நிலையான நாள் கணக்கு எழுத இன்னும் முடியவில்லை. தை பிறந்ததும் சிவகாசியில் வேலை குவியும்போது அங்கிருந்து வரும் பதிலே மாறிக்கொண்டிருக்கும். அதனால் அந்த இடத்தை மட்டும் பில்லில் காலியாக விட்டு, ஆர்டர் எடுக்கும் அன்று சிவகாசிக்குப் போன் போட்டுக் கேட்டு, வாடிக்கையாளர் முன்னாலேயே பேனாவால் எழுதுகிறோம்.